ஒன்லி, ஈவன்: தமிழில் எந்தச் சொல்லோடு ஒட்டுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும் கடை விதிமுறை, மருந்துச் சீட்டு, பேருந்து அறிவிப்பு, அலுவலகச் சுற்றறிக்கை போன்ற அன்றாட எழுத்துகளை மதுரையில் எங்களோடு மொழிபெயர்க்கிற இளையவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. கேள்விகளைக் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

"ஒன்லி வந்தா 'மட்டும்', ஈவன் வந்தா 'கூட'ன்னு போட்டா முடிஞ்சுச்சு. இதுல கஷ்டம் எங்கண்ணே இருக்கு?"

சொல்லில் அவ்வளவாக இல்லை, இடத்தில் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஒன்லி பெரும்பாலும் வினைக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். அது குறிக்கிற சொல் வாக்கியத்தின் கடைசியில் இருந்தாலும் கவலைப்படாது. பேசுகிறவர் எந்தச் சொல்லை அழுத்திச் சொல்கிறாரோ அதை வைத்துக் கேட்பவர் புரிந்துகொள்வார். காகிதத்தில் அந்த அழுத்தம் இருக்காது.

தமிழில் 'மட்டும்', 'தான்', 'கூட', 'உம்', 'ஏ' எல்லாம் தாம் குறிக்கிற சொல்லின் முதுகில் ஒட்டிக்கொண்டே வரும். ஆங்கில வாக்கியம் முடிவு செய்யாமல் விட்டதை நீங்கள் முடிவு செய்துதான் ஆகவேண்டும்.

ஓர் அறிவிப்பைப் பாருங்கள்: "த பஸ் ஒன்லி ஸ்டாப்ஸ் அட் மேலூர் இன் த மார்னிங்." இதைத் தமிழில் இரண்டு விதமாக எழுதலாம்.

"பஸ் காலையில் மேலூரில் மட்டும் நிற்கும்." காலை நேரத்தில் வழியில் வேறெங்கும் நிற்காது. மாலையைப் பற்றிப் பேச்சே இல்லை.

"பஸ் காலையில் மட்டும் மேலூரில் நிற்கும்." மாலையில் மேலூர்க்காரர் கை காட்டினாலும் நிற்காது.

இரண்டுமே நல்ல தமிழ்தான். ஆனால் இரண்டாவது செய்தியைச் சொல்ல வேண்டிய இடத்தில் முதலாவதைப் போட்டால், சாயங்காலம் மேலூரில் ஒருவர் பையோடு நின்றுகொண்டே இருப்பார்.

"அப்ப ஆங்கில வாக்கியத்துல ஒன்லி எதைச் சொல்லுதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஒரு வேலைய முழுசாச் செஞ்சு காட்டுங்க."

விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடைக்குச் செய்தது நல்ல எடுத்துக்காட்டு. பில்லின் பின்பக்கத்தில் இருந்த ஆங்கில வரி இது: "வீ ஒன்லி எக்ஸ்சேஞ்ச் சாரீஸ் வித் த பில் ஆன் வீக்டேஸ்." வேலை பழக வந்த தம்பி முதலில் இப்படி எழுதியிருந்தார்: "நாங்கள் சேலைகளை மட்டும் பில்லுடன் வார நாட்களில் மாற்றித் தருவோம்."

படிக்கும்போது தப்பு எதுவும் கண்ணில் படாது. ஆனால் 'மட்டும்' சேலையோடு ஒட்டியிருப்பதால், சுடிதார், வேட்டி எடுத்தவர்களுக்கு மாற்றம் கிடையாது என்று ஆகிவிட்டது. கடைக்காரர் அப்படி நினைத்திருக்கிறாரா?

இந்த மாதிரி வாக்கியம் வந்தால் ஒவ்வொரு துண்டாக எடுத்து, "இது மட்டும் என்றால் எதை மறுக்கிறார்கள்?" என்று கேட்க வேண்டும். மாற்றுவது மட்டும் என்றால் பணம் திரும்பக் கிடையாது. சேலை மட்டும் என்றால் மற்றத் துணிக்குக் கிடையாது. பில்லோடு மட்டும் என்றால் பில் தொலைத்தவருக்குக் கிடையாது. வார நாளில் மட்டும் என்றால் சனி, ஞாயிறு கிடையாது. ஒரே ஆங்கில வரிக்குள் நான்கு மறுப்புகள் ஒளிந்திருக்கலாம். எது உண்மை என்று இலக்கணத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. வாக்கியத்தை எழுதியவரிடம் கேட்க வேண்டும்.

கேட்கும்போதும் "ஒன்லி எதற்கு?" என்று கேட்டால் யாருக்கும் பதில் தெரியாது. "கவுண்டரில் எதுக்குச் சண்டை வருது?" என்று கேளுங்கள். அந்தக் கடைக்காரர் உடனே சொன்னார்: பணத்தைத் திருப்பிக் கேட்டு வருகிறார்கள், பில் இல்லாமல் வருகிறார்கள், கூட்டம் நெரிகிற சனி ஞாயிறில் வருகிறார்கள். சுடிதாரையும் மாற்றித் தருகிறார்களாம். வியாபாரத்தில் பெரும்பகுதி சேலை என்பதால் 'சாரீஸ்' என்று போட்டார்களாம். ஆக, நான்கில் மூன்று உண்மை, ஒன்று பொய். தம்பி பிடித்துக்கொண்டது அந்தப் பொய்யானதை.

மூன்று மறுப்பையும் ஒரே 'மட்டும்' சுமக்காது. "பில்லுடன் மட்டும், வார நாட்களில் மட்டும், மாற்றம் மட்டும்" என்று அடுக்கினால் படிப்பவருக்கு மூச்சு முட்டும். கடைசியில் அச்சுக்குப் போனது இதுதான்:

"வாங்கிய துணியை மாற்றித் தருவோம், பணமாகத் திருப்பித் தர மாட்டோம். பில் இருந்தால்தான் மாற்ற முடியும். சனி, ஞாயிறு மாற்றம் கிடையாது."

ஒரு 'மட்டும்'கூட இல்லை. ஒன்லி சொன்னது எல்லாம் இருக்கிறது.

"'மட்டும்', 'தான்' ரெண்டும் ஒன்னுதானே? காதுக்கு எது நல்லாருக்கோ அதைப் போடலாமா?"

பல இடத்தில் மாற்றிப் போட்டாலும் குடி முழுகாது. நேரமும் எண்ணும் வரும் இடத்தில் முழுகும்.

"ஐ கேம் ஒன்லி எஸ்டர்டே" என்று ஒருவர் சொன்னால் அதற்கு இரண்டு பொருள் உண்டு. "நேற்றுத்தான் வந்தேன்" என்றால் வந்து அதிக நாள் ஆகவில்லை; இன்னும் ஊரில்தான் இருக்கிறார். "நேற்று மட்டும் வந்தேன்" என்றால் நேற்று ஒரு நாள் வந்தார், மற்ற நாளெல்லாம் வரவில்லை. விடுப்புக் கணக்குப் பார்க்கிற அலுவலகத்தில் இந்த இரண்டையும் மாற்றினால் சம்பளம் பிடித்துவிடுவார்கள்.

எண்ணோடும் அப்படித்தான். "கூட்டத்துக்குப் பத்துப் பேர்தான் வந்தார்கள்" என்றால் எதிர்பார்த்ததைவிடக் குறைவு என்ற ஏமாற்றம் உள்ளே இருக்கிறது. "பத்துப் பேர் மட்டும் வந்தார்கள்" என்றால் அழைக்கப்பட்டவர்களில் பத்துப் பேர் வந்தார்கள், மீதிப் பேர் வரவில்லை என்ற கணக்கு முன்னால் நிற்கிறது. சுங்குடிச் சேலைக்கு விலை சொல்கிற கடைக்காரர் "எண்ணூறு ரூபாய்தான்மா" என்பார். "எண்ணூறு ரூபாய் மட்டும்மா" என்று சொல்லிப் பாருங்கள், ஒட்டாது.

'மட்டும்' என்பதற்கு அடிப்படைப் பொருள் அளவு, எல்லை. பழைய எழுத்தில் 'இந்நாள்மட்டும்' என்றால் இந்த நாள்வரை. அதனால் அது ஒரு வட்டம் போட்டு வெளியே இருப்பதைத் தள்ளிவிடும். 'தான்' சுட்டிக்காட்டும்: இதுவே, வேறொன்றில்லை. "யார் கதவைத் திறந்தது?" என்று கேட்டால் "ராமன்தான்" என்று பதில் வரும். அங்கே ஒன்லியே கிடையாது. ஆங்கிலத்தில் அதை வேறு கட்டமைப்பில் சொல்வார்கள். 'தான்' வந்த இடமெல்லாம் ஒன்லி என்று திருப்பி எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

"சாப்பிட்ட பிறகு", "கேட்டால்", "வந்தபோது" மாதிரி நிபந்தனையும் நேரமும் காட்டும் எச்சங்களோடு நான் பெரும்பாலும் 'தான்' போடுவேன். "பணம் கட்டினால்தான் ரசீது தருவோம்" இயல்பாக இருக்கிறது. "கட்டினால் மட்டுமே" என்பது சட்டப் பத்திர வாடை. பத்திரத்திலேயே வந்தால் வைத்துக்கொள்ளலாம்.

ஒரு வாக்கியத்தில் இரண்டு 'தான்' வேண்டாம். காது ஒன்றைத்தான் வாங்கிக்கொள்ளும்.

"'மழை மட்டும் பெஞ்சிருந்தா'ன்னு ஒரு வரி வந்துச்சு. மழை தவிர வேற எது பெய்யும்னு எடிட்டர் கேக்குறார்."

அவர் குறும்புக்குக் கேட்கிறார். அது ஏக்கம் காட்டும் 'மட்டும்'. ஆங்கிலத்தில் இஃப் ஒன்லி என்று வருவதற்கு இதுவே நேரான தமிழ். ஆனால் ஆள் பெயரோடு வந்தால் கவனம். "அண்ணன் மட்டும் வந்திருந்தால் கல்யாணம் நின்றிருக்காது" என்பதை "அண்ணன் தனியாக வந்திருந்தால்" என்றும் படிக்கலாம். முன்பின் வரிகள் தெளிவாக்காவிட்டால் "அன்றைக்கு அண்ணன் வந்திருந்தாலே போதும், கல்யாணம் நின்றிருக்காது" என்று மாற்றிவிடுங்கள்.

"ஒன்லி உண்மையிலேயே வினைச்சொல்லைத்தான் சொல்லுதுன்னா 'மட்டும்' எங்கிட்டு வரும்?"

வினைமுற்றின் முதுகில் 'மட்டும்' ஏறாது. "பார்த்தேன் மட்டும்" தமிழே இல்லை. வினையைச் செயவென் எச்சமாக்கி, 'செய்' என்ற துணைவினையைக் கொண்டுவர வேண்டும்: "பார்க்க மட்டும் செய்தேன், எடுக்கவில்லை." பேச்சில் இதைவிட எளிதாக, "சும்மா பார்த்தேன், அவ்வளவுதான்."

இங்கே ஒரு பொறி இருக்கிறது. "பார்க்கத்தான் செய்தேன்" என்று எழுதினால் பொருள் புரண்டுவிடும். "நீ பார்க்கவில்லை என்கிறாய், ஆனால் நான் பார்த்தேன்" என்று அடித்துச் சொல்வது அது. காவல் நிலையத்தில் கொடுக்கிற வாக்குமூலத்தில் "நான் வெறுமனே பார்த்தேன்" என்று வரவேண்டிய இடத்தில் "பார்க்கத்தான் செய்தேன்" போட்டால் சாட்சியின் குரலே வேறாகிவிடும்.

"உருபுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

பின்னால். மதுரைக்கு மட்டும், அவனை மட்டும், வீட்டில் மட்டும். 'மதுரை மட்டும்க்கு' என்று யாரும் எழுத மாட்டார்கள். ஆனால் உருபையே தொலைத்துவிட்டு "மதுரை மட்டும் பஸ் போகும்" என்று எழுதுகிறார்கள். அது "மதுரைவரை போகும்" என்றும் காதில் விழும்.

பெயரடையோடு ஒட்டாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் 'ரெட்' என்ற சொல்லை மட்டும் அழுத்தி, சிவப்புச் சேலைதான் வேண்டும், பச்சை வேண்டாம் என்று சொல்லிவிடலாம். தமிழில் "சிவப்பு மட்டும் சேலை" கிடையாது. "சிவப்புச் சேலை மட்டும்" என்றுதான் வரும். அதில் பச்சைச் சேலை வேண்டாமா, சிவப்புத் தாவணி வேண்டாமா என்ற ஐயம் மிஞ்சும். "சேலையில் சிவப்பு மட்டும்" என்று பொதுவானதை முன்னால் தள்ளிவிட்டால் தீர்ந்தது. "ராமனுடைய வீடு மட்டும்" மாதிரியானவற்றுக்கும் இதே வழி: "வீடுகளில் ராமனுடையது மட்டும்."

"மாத்திரைச் சீட்டுல 'இந்த மாத்திரையை மட்டும் சாப்பிடக் கூடாது'ன்னு எழுதுனேன். தப்புன்னு திருப்பி அனுப்பிட்டாய்ங்க. இலக்கணம் சரியாத்தானே இருக்கு?"

இலக்கணம் சரி. ஆபத்தும் அங்கேதான். மூலத்தில் சொன்னது: இந்த மாத்திரையைத் தனியாகச் சாப்பிடாதே, கூடக் கொடுத்த மற்ற மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிடு. நீங்கள் எழுதியதை ஒரு நோயாளி எப்படிப் படிப்பார்? மற்ற மாத்திரையெல்லாம் சாப்பிடலாம், இதைத் தொடாதே என்று. நேர் எதிர்.

காரணம் இது. தமிழில் 'மட்டும்' வந்து பின்னால் எதிர்மறை வினை வந்தால், பொதுவாக அந்த ஒன்றுக்குத்தான் எதிர்மறை, மற்றவற்றுக்கு உடன்பாடு. "அவன் மட்டும் வரவில்லை" என்றால் மற்றவர்கள் வந்துவிட்டார்கள். "கணக்கில் மட்டும் தேறவில்லை" என்றால் மற்றப் பாடத்தில் தேறிவிட்டான். ஆங்கிலத்தில் நாட் முன்னாலும் ஒன்லி பின்னாலும் வந்தால் கணக்கு மாறும்: "அது மட்டும் போதாது" என்ற பொருள். அந்த வரிசை வந்தால் 'மட்டும்' என்பதையே விட்டுவிட்டு இரண்டு வாக்கியமாக உடைப்பதுதான் பாதுகாப்பு: "இந்த மாத்திரையைத் தனியாகச் சாப்பிடாதீர்கள். மற்ற மாத்திரையோடு சேர்த்தே சாப்பிடுங்கள்."

நாட் ஒன்லி, பட் ஆல்சோ என்று இரட்டையாக வந்தால் 'மட்டுமல்ல' இருக்கிறது. அதற்கு ஜோடியான 'உம்' சரியான சொல்லில் விழ வேண்டும். "பூ மார்க்கெட் மட்டுமல்ல, காய்கறி மார்க்கெட்டும் மாட்டுத்தாவணியில் இருக்கிறது." 'உம்' இடம் மாறி "பூ மார்க்கெட் மட்டுமல்ல, காய்கறி மார்க்கெட் மாட்டுத்தாவணியிலும் இருக்கிறது" என்றானால், இரண்டு பாதியும் ஒன்றோடொன்று பேசாது.

"ஈவனுக்கும் இதே விதிதானா? இடம் மாறுனா என்ன ஆகும்?"

வண்டியூர் தெப்பக்குளத்தை வைத்துப் பார்ப்போம். காய்ந்து கிடந்த நாளில் பையன்கள் உள்ளே இறங்கிக் கிரிக்கெட் ஆடிய குளம் அது.

"சித்திரையில்கூடத் தெப்பக்குளத்தில் தண்ணீர் இருந்தது." வெயில் கொளுத்துகிற மாதம், அப்போதும் வற்றவில்லை.

"சித்திரையில் தெப்பக்குளத்தில்கூடத் தண்ணீர் இருந்தது." மற்றக் குளங்களில் இருந்தது பெரிய செய்தி இல்லை, வறண்டு கிடந்தே பழகிய இந்தக் குளத்திலும் இருந்தது.

"சித்திரையில் தெப்பக்குளத்தில் தண்ணீர்கூட இருந்தது." வேறு என்னவோ இருந்தது, அதோடு தண்ணீரும். இந்த வாக்கியம் யாருக்குத் தேவைப்படும் என்று தெரியவில்லை, ஆனால் அவசரத்தில் எழுதுகிறவர் கையில் இதுதான் வருகிறது. ஆங்கிலத்தில் ஈவன் வினைக்குப் பக்கத்தில் கிடப்பதால், தமிழில் வினைக்கு முன்னால் எந்தப் பெயர் இருக்கிறதோ அதில் ஒட்டிவிடுகிறார்கள்.

ஒன்லிக்கு "எதை மறுக்கிறார்கள்?" என்று கேட்டோம். ஈவனுக்குக் கேட்க வேண்டியது "எது நடக்காது என்று நினைத்தோம்?" அந்தச் சொல்லில் 'கூட' விழ வேண்டும். நம் இலக்கணத்தில் இதற்குப் பெயர் சிறப்பும்மை. உரைகாரர்கள் காட்டுகிற "குறவரும் மருளும் குன்றம்" இதற்கு அளவெடுத்த எடுத்துக்காட்டு: மலையிலேயே பிறந்து வளர்ந்த குறவரும் வழி தெரியாமல் மயங்கும் குன்றம். அந்த 'உம்' குன்றத்தில் ஒட்டியிருந்தால் ஒன்றும் தேறாது.

"'அவன் அண்ணன்கூட பேசலை'ன்னு எழுதுனா ரெண்டு அர்த்தம் வருதுங்கிறாங்க. உண்மையா?"

உண்மை. அவன் தன் அண்ணனோடு பேசவில்லை என்பது ஒன்று. ஊரார் பேசாதது இருக்கட்டும், அவனுடைய அண்ணனே பேசவில்லை என்பது இன்னொன்று. பேச்சுத் தமிழில் 'கூட' என்பது 'உடன்' என்ற வேலையையும் பார்க்கிறது. 'என்கூட', 'நான்கூட' என்று வரும்போது குழப்பம் இல்லை, 'என்', 'நான்' வடிவமே பிரித்துக் காட்டிவிடும். பெயர்ச்சொல்லில் அந்த வசதி கிடையாது.

எழுத்தில் நான் பார்க்கிற வழி: உடன் என்ற பொருளுக்கு 'அண்ணனோடு' அல்லது 'அண்ணனுடன்' எழுதிவிடுவது. ஈவன் என்ற பொருளுக்கு 'அண்ணனே பேசவில்லை' அல்லது 'அண்ணனும்கூடப் பேசவில்லை'. இந்த 'ஏ' சின்ன எழுத்துதான், ஆனால் "பேச வேண்டியவரே" என்ற குத்தல் அதில்தான் இருக்கிறது.

எதிர்மறை இல்லாத இடத்தில் 'கூட' வெறும் ஆல்சோவாகவும் படிக்கப்படும் என்பதை மறக்க வேண்டாம். "கலெக்டர்கூட வந்திருந்தார்" என்றால் வியப்பா, வருகைப் பட்டியலா என்று தெரியாது. வியப்பு வேண்டுமென்றால் "ஏன், கலெக்டரே வந்திருந்தார்". பட்டியல் என்றால் "கலெக்டரும் வந்திருந்தார்".

"ஈவன் இஃப், ஈவன் மோர், ஈவன் நவ்... எல்லாத்துக்கும் 'கூட'தானா?"

இல்லை. ஈவன் இஃப் வந்தால் 'மழை பெய்தாலும்'; 'உம்' போதும். "பெய்தாலும்கூட" என்று போட்டால் தப்பில்லை, எனக்கு மிகை. ஈவன் மோர் என்றால் 'இன்னும் அதிகம்'. ஈவன் நவ் என்றால் 'இப்போதும்'. "இப்பக்கூட" என்றால் "சற்று முன்னால்கூட" என்ற சாயல் வந்துவிடும். நாட் ஈவன் ஒன் வந்தால் 'ஒன்றுகூட இல்லை'. 'ஒன்று இல்லை கூட' என்று எழுதி வருவதை வாரம் தவறாமல் திருத்துகிறேன்.

"நம்மூர் ஆபீஸ்ல இருந்து 'தி ஆபீசர் இஸ் இன் மதுரை ஒன்லி'ன்னு கடிதம் வருது. 'மதுரையில் மட்டும்'னு போட்டா சரியா?"

போடாதீர்கள். அதை எழுதியவர் மனதில் ஓடியது "அதிகாரி மதுரையிலதான் இருக்காரு" என்ற தமிழ். தமிழர் எழுதும் ஆங்கிலத்தில் சொல்லுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் ஒன்லி பெரும்பாலும் நம் 'தான்'. "டுடே ஒன்லி ஹீ கேம்" என்றால் இன்றைக்குத்தான் வந்தார். "மதுரையில் மட்டும் இருக்கிறார்" என்று எழுதினால், வேறு ஊரிலும் இருக்கக்கூடிய ஆள் மாதிரி ஆகிவிடும். ஒன்லி வினைக்கு முன்னால் நின்றால் ஆங்கிலேயர் வழக்கு, சொல்லுக்குப் பின்னால் நின்றால் நம்மூர் வழக்கு என்று எடுத்துக்கொண்டு தொடங்கலாம், பெரும்பாலும் தேறும்.

ஒரு விலக்கு, காசோலையில் தொகைக்குப் பின்னால் வரும் ஒன்லி. அது நம்மூர் 'தான்' இல்லை. 'ரூபாய் ஐந்நூறு மட்டும்' என்பது எல்லை கட்டுவது, அதற்குப் பின்னால் யாரும் எதையும் சேர்த்து எழுதிவிடாமல் இருக்க. அங்கே "ஐந்நூறுதான்" என்று எழுதினால் வங்கிக்காரர் சிரிப்பார்.

"சேத்து எழுதணுமா, பிரிச்சு எழுதணுமா?"

'தான்', 'கூட' இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள்: அவன்தான், அவன்கூட. பிரித்து "அவன் தான்" என்று எழுதினால், வரி மடங்கும்போது 'தான்' அடுத்த வரியின் தலைக்குப் போய், 'தான் வந்தான்' என்று தன்னைக் குறிக்கும் சொல்லாகப் படிக்கப்படும். 'மட்டும்' தனியாகவே நிற்கட்டும். வல்லினம் மிகும் இடத்தை விடாதீர்கள்: அவனுக்குத்தான், அதைத்தான், போய்த்தான். 'கூட' என்பதற்குப் பின்னாலும் அப்படியே: ஒருவர்கூடப் பேசவில்லை.